8 ஆண்டில் 11 வயது கூடிய ஊர்

கேள்வி: நான் முதுகலை சமூகவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ‘ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பு மனிதர்களின் ஆயுட்காலத்தையும் மக்களின் மனப்போக்கையும் எப்படி மாற்றியது’ என்று 1,000 சொற்களுக்குள் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பென்சிலினைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ‘மருந்து வந்தது, ஆயுள் கூடியது, மக்கள் மகிழ்ந்தார்கள் என்றால் அது விளக்கம் ஆகுமா?’ என்று கேட்டு ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எதை எடுக்கலாம்? எப்படி விளக்குவது, டாக்டர்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

உங்கள் ஆசிரியை பக்கம்தான் நான். பென்சிலின் பெரிய கண்டுபிடிப்புதான், ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது தோதாக இருக்காது. அது புழக்கத்துக்கு வந்த காலத்தில் தடுப்பூசி, நல்ல குடிநீர், சாப்பாடு, வீட்டு வசதி என்று எல்லாமே சேர்ந்து மாறிக்கொண்டிருந்தன. கூடிய ஆயுளில் பென்சிலினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது தேர்ந்த ஆய்வாளர்களுக்கே கஷ்டம். மனப்போக்கு விஷயத்திலும் அப்படித்தான். நிமோனியா வந்தவரை யாரும் ஊரைவிட்டுத் தள்ளி வைக்கவில்லை. பெரிதாக மாறுவதற்கு அங்கே என்ன இருந்தது?

மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்க, ஒரு மருந்து மட்டும் உள்ளே வந்த இடம் உங்களுக்கு வேண்டும். மருந்து வருவதற்கு முன்பிருந்தே யாராவது அங்கே பிறப்பு இறப்புகளை ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கவும் வேண்டும். அப்படி ஓர் இடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில் ஹ்லபிசா என்ற கிராமப்புறப் பகுதி. அங்கே வந்து சேர்ந்த மருந்து எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து, நம் மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. என்று சொல்வது. அரசு ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். அதுவும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் வைத்திருக்கும் வேறு உதாரணம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

முதலில் கண்டுபிடிப்பு எது என்று தெளிவாக எழுதுங்கள். ‘எய்ட்ஸ் மருந்து’ என்று மொத்தமாகச் சொன்னால் தப்பாகிவிடும். ஏ.இசட்.டி. என்ற மருந்து 1987-லேயே வந்துவிட்டது. தனியாகக் கொடுத்தபோது சில மாதங்கள் உடம்பு தேறும், பிறகு மருந்து கேட்காமல் போய்விடும். எச்.ஐ.வி. தன்னைப் பிரதி எடுக்கும்போது நிறையப் பிழை செய்யும் வைரஸ். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்குப் பிடிகொடுக்காத வைரஸை உண்டாக்கிவிடும், அதுவே பெருகி உடலை நிரப்பிவிடும். 1996-ல் உறுதியானது என்னவென்றால், வெவ்வேறு மருந்துகள் மூன்றை ஒரே நேரத்தில் கொடுத்தால் இந்தத் தப்பிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது என்பது. மூன்றிலிருந்தும் தப்ப வேண்டுமானால், ஒரே வைரஸில் அதற்கேற்ற பிழைகள் பல ஒருசேர நடந்திருக்க வேண்டும். அது நடப்பது மிக அரிது. வைரஸ் பெருகுவது நின்றால் பிழைகளும் நின்றுபோகும். அமெரிக்காவில் 1996-ஐவிட 1997-ல் எய்ட்ஸ் மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இது நோயைக் குணப்படுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். உறங்கும் செல்களுக்குள் வைரஸ் பதுங்கி இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே திரும்பி வரும். ஆகவே ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை. இந்த ஒரு விவரம் உங்கள் கட்டுரையின் பின்பாதியில், மனப்போக்கைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

1996-ல் கண்டுபிடித்தது ஹ்லபிசாவுக்கு 2004-ல்தான் வந்தது. நடுவில் இரண்டு தடைகள். ஒன்று விலை. ஒருவருக்கு ஒரு வருட மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-ல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததும் அந்தத் தடை ஆட்டம் கண்டது. மற்றொன்று அரசியல். எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே அப்போதைய அதிபர் தாபோ உம்பெக்கி சந்தேகம் கிளப்பினார். சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். இந்தத் தாமதம் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். இதைக் கட்டுரையில் இரண்டு வரிக்கு மேல் வளர்க்க வேண்டாம், வளர்த்தால் கட்டுரை அரசியலுக்குள் போய்விடும். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். மருந்து அங்கே வந்து சேராத அந்த 8 ஆண்டுகளில் ஹ்லபிசாவில் ஒருவருடைய ஆயுளும் கூடவில்லை, கண்டுபிடிப்பு அங்கே சேர்ந்த பிறகுதான் கூடியது.

இப்போது எண்ணுக்கு வருவோம். அங்கே ஓர் ஆய்வு மையத்தின் களப்பணியாளர்கள் 2000-லிருந்து வீடு வீடாகப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றைக் குறித்து வந்தார்கள். யாராவது இறந்திருந்தால் செவிலியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். கடைசி நாட்களில் என்னென்ன உபாதை இருந்தது, எவ்வளவு நாள் படுக்கையில் கிடந்தார் என்று உறவினரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதி வருவார். அதை வைத்து மருத்துவர்கள் மரணக் காரணத்தை முடிவு செய்வார்கள். இந்தப் பதிவுகளின்படி, 15 வயதைத் தொட்ட ஒருவர் சராசரியாக வாழக்கூடிய வயது 2003-ல் 49.2. 2011-ல் 60.5. இடையில் 8 ஆண்டுதான்.

இந்த எண்ணை வைத்துத்தான் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். 49.2 என்றால் எல்லோரும் 49 வயதில் இறந்தார்கள் என்று பொருள் இல்லை. 2003-ல் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறந்தார்களோ, அதே விகிதம் இனியும் மாறாமல் நீடித்தால் இன்றைய 15 வயதுக்காரர்கள் சராசரியாக எந்த வயது வரை போவார்கள் என்ற கணக்கு அது. ஒரு வருடத்தின் நிலவரத்தைப் படம் பிடித்துக் காட்டும் எண், அவ்வளவுதான். யாருக்கும் அது ஜாதகம் இல்லை.

8 ஆண்டில் 11 வயது எப்படிக் கூடும் என்று ஆசிரியை கேட்பார். சின்னக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுங்கள். எண்கள் கற்பனை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் 70 வயது வரை வாழ்கிறார்கள், நான்கு பேர் 35-ல் இறக்கிறார்கள். ஆறு எழுபது 420, நான்கு முப்பத்தைந்து 140, கூட்டினால் 560. சராசரி 56. இப்போது அந்த நால்வரில் மூவருக்கு மருந்து கிடைத்து 65 வரை வாழ்கிறார்கள் என்று வையுங்கள். 420, 195, 35, மொத்தம் 650. சராசரி 65. முதல் ஆறு பேர் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. மூன்று பேர் இளவயதில் சாகாமல் இருந்ததே சராசரியை 9 வருடம் தூக்கிவிட்டது. எச்.ஐ.வி. பெரும்பாலும் 25 முதல் 45 வயது வரை உள்ளவர்களைக் கொண்டுபோன நோய் என்பதால்தான் ஒரு மருந்தால் இவ்வளவு பெரிய மாற்றம் முடிந்தது. முதியோரைத் தாக்கும் நோய் ஒன்றுக்கு இதே அளவு நல்ல மருந்து வந்தாலும் சராசரி இப்படிக் கூடாது.

சரி, மருந்துதான் காரணம் என்று எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் சாலை போட்டிருக்கலாம், உதவித்தொகை கூடியிருக்கலாம். வாசலில் வந்து கேட்டு எழுதிய அந்த மரணக் காரணங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. எச்.ஐ.வி. மரணங்கள் சரிந்தன, மற்றக் காரணங்களால் நேர்ந்த மரணங்களில் பெரிய மாற்றம் இல்லை. பொதுவான வசதிகள் காரணமாக இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் குறைந்திருக்கும். சரிவு தொடங்கியதும் மருந்து வந்த பிறகுதான். உங்கள் பென்சிலின் கட்டுரையில் இல்லாமல் போனது இந்தப் பத்திதான்.

அடுத்து மனப்போக்கு. ‘மக்கள் பயந்தார்கள்’ என்று எழுதாதீர்கள். எதற்குப் பயந்தார்கள் என்று பிரியுங்கள். இந்த நோயைச் சுற்றியிருந்த பயத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடந்தன: வந்தால் சாவு நிச்சயம், என்னிடமிருந்து உனக்கு ஒட்டும், வந்தவர் தப்பு செய்தவர். குவாசூலு-நடாலில் டர்பன் அருகே வசித்த குகு ட்லாமினி என்ற பெண், 1998 எய்ட்ஸ் தினத்தையொட்டித் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதத்தில் சொந்த ஊர்க்காரர்களே அவரை அடித்துக் கொன்றார்கள். ஊருக்கே அவமானம் கொண்டுவந்துவிட்டாள் என்ற கோபம் அது. மருந்து இல்லாத காலத்தில் பரிசோதனை செய்துகொண்டால் ஒருவருக்கு என்ன லாபம்? சாவுச் செய்தி முன்கூட்டித் தெரியும், உறவு போகும், உயிருக்கும் ஆபத்து. பரிசோதனைக்கு வராதவர்களை அறியாமையில் இருந்தார்கள் என்று எழுதுவார்கள். அவர்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மருந்து முதலில் அவிழ்த்தது சாவு நிச்சயம் என்ற முடிச்சை. அந்த வேலையைச் செய்தது பிரச்சாரம் இல்லை, கண்ணால் பார்த்ததுதான். தள்ளுவண்டியில் வைத்துச் சிகிச்சைக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதத்தில் எடை கூடித் தண்ணீர் தூக்கி வருகிறார் என்றால், ஊருக்கு வேறு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. இதற்கும் ஹ்லபிசாவிலேயே எண் இருக்கிறது. மருந்து எடுத்தவர்களிடையே நோய் முற்றியபோது சரிந்த வேலைவாய்ப்பு, மருந்து தொடங்கி நான்கு ஆண்டில், முன்பிருந்ததில் சுமார் 90 சதவீதத்துக்கு மீண்டுவிட்டது. கட்டுரையில் இதைக் கட்டாயம் சேருங்கள். மனப்போக்கை அளக்க ஆய்வாளர்கள் வழக்கமாகக் கேட்பது ‘எச்.ஐ.வி. உள்ள கடைக்காரரிடம் காய்கறி வாங்குவீர்களா?’ என்ற கேள்வி. நம் நாட்டுக் குடும்ப நல ஆய்விலும் அது உண்டு. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து ‘வாங்குவேன்’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஒருவருக்கு வேலை கொடுத்தார்களா, அவர் எத்தனை நாள் அதில் நீடித்தார் என்பவற்றைப் பார்த்தால் அந்தப் பதிலின் உண்மை தெரிந்துவிடும்.

அதே நாட்டில் இன்னொரு பக்கம், மருந்து கேட்டுப் போராடியவர்கள் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று நெஞ்சில் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். தொற்று உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் போட்டதால் யார் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. 2002-ல் நெல்சன் மண்டேலாவே அதைப் போட்டுக்கொண்டு நின்றார். மூன்று வருடம் கழித்துத் தன் மகன் எய்ட்ஸால் இறந்ததையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

இரண்டாவது முடிச்சு, ஒட்டிவிடும் என்ற பயம், 2011-ல் அவிழ்ந்தது. இங்கே நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தது 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர். 25 ஆண்டு கழித்து முடிவு வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு மையம். ஒருவருக்குத் தொற்று இருந்து, துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளை அதில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்த பிறகு மருந்து. ஒருவரிடமிருந்து அவருடைய துணைக்கே பரவியது என்று மரபணுச் சோதனையில் உறுதியானவை 28. அவற்றில் 27 தாமதமாக மருந்து பெற்ற பிரிவில் நடந்தவை. உடனே பெற்ற பிரிவில் ஒன்றே ஒன்று. பின்னால் வந்த ஆய்வுகள் இதை இன்னும் உறுதியாக்கின. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியாக அது பரவாது. ஊசியைப் பகிர்வது, தாய்ப்பால் ஆகிய இரண்டையும் இந்த வாக்கியத்துக்குள் இழுத்துவிடாதீர்கள். அவற்றுக்கு இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது முடிச்சு மட்டும் அவிழவில்லை. தப்பு செய்தவர் என்ற எண்ணத்தை எந்த மாத்திரையும் தொடுவதில்லை. எங்கள் மையத்தில் மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் கொடுப்போம். பையில் வைத்து நடந்தால் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்கும். ஒரு பெண்மணி ஒவ்வொரு மாதமும் டப்பாவைத் திறந்து உள்ளே பஞ்சைத் திணித்து, வெளியே ஒட்டிய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் எழுந்திருப்பார். மாமியார் வீட்டில் அது சத்து மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் அவருக்கு வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருந்தது, வீட்டில் யாருக்கும் அவரால் ஓர் ஆபத்தும் இல்லை. அப்படியும் பஞ்சு வைப்பதை அவர் நிறுத்தவில்லை. சொந்த மாவட்டத்தில் மையம் இருக்க, இரண்டு பஸ் மாறி எங்களிடம் வந்தவர்களும் உண்டு. ஆயுள் முழுக்க மாத்திரை என்றால் ஆயுள் முழுக்க ஒளித்து வைப்பதும்தான்.

மருந்தே புது அடையாளம் போட்ட கதையும் உண்டு. ஆரம்ப காலத்தில் கூட்டு மருந்தில் இருந்த ஸ்டாவுடின் மலிவானது, உயிரைக் காப்பாற்றியது. நாள்பட எடுத்தபோது பலருக்குக் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போனது. எடை கூடி நடமாடுகிறவரைக்கூட அந்தக் கன்னத்தை வைத்து ஊர் கண்டுபிடித்துவிடும். பிறகு அந்த மருந்தைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறினார்கள்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். உங்கள் தலைப்பு ‘ஆயுளையும் மனப்போக்கையும் எப்படி மாற்றியது’ என்று கேட்கிறது. மருந்திலிருந்து இரண்டு கோடுகள் பிரிவதுபோல அது ஒலிக்கிறது. ஹ்லபிசாவில் அப்படி நடக்கவில்லை. 11 ஆண்டு என்பது ஆண், பெண் சேர்த்துப் போட்ட சராசரி. பிரித்துப் பார்த்தால் பெண்களுக்குச் சுமார் 13 ஆண்டு கூடியது, ஆண்களுக்குச் சுமார் 9 ஆண்டுதான். ஒரே ஊர், ஒரே மருந்து, அதுவும் இலவசம். பெண்கள் கர்ப்ப காலத்தில் எப்படியும் மருத்துவமனைக்கு வருவார்கள், அங்கே பரிசோதனை நடந்துவிடும். ஆண்கள் வருவதற்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எச்.ஐ.வி.யால் இறந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த நோய்க்காக ஒருமுறைகூடச் சிகிச்சைக்குப் போனதில்லை. வேலை போய்விடும் என்பதிலிருந்து, வரிசையில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது வரை அதற்குப் பல காரணங்கள். மருந்து மனப்போக்கை மாற்றியது உண்மை. மாறாமல் மிஞ்சிய மனப்போக்கு, மருந்து தந்திருக்க வேண்டிய ஆயுளில் ஒரு பங்கைத் தடுத்து வைத்ததும் உண்மை. அந்த நான்கு வருட வித்தியாசம் முழுவதும் வெட்கத்தால்தான் என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் போதாது. அதில் வெட்கத்துக்கும் பங்கு உண்டு என்று எழுதலாம்.

1,000 சொல்லுக்குள் இதையெல்லாம் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். வைரஸ் எங்கிருந்து வந்தது, யார் முதலில் பிரித்தெடுத்தார்கள் என்ற வரலாற்றை முழுசாக விட்டுவிடலாம். மூன்று மருந்து ஏன் என்பதற்கு 150 சொல், தாமதத்துக்கு இரண்டு வரி. ஆயுள் கணக்கும் அதற்கான ஆதாரமும் 350 சொல் வரை போகலாம். மிச்ச இடத்தை மனப்போக்குக்குக் கொடுங்கள், ஆண் பெண் வித்தியாசத்தை அதன் நடுவில் வையுங்கள். 49.2, 60.5 என்ற எண்களை எங்கே எழுதினாலும் ‘15 வயதைத் தொட்டவருக்கு’ என்று சேர்த்தே எழுதுங்கள். பிறப்பிலிருந்து கணக்கிடும் ஆயுட்காலம் வேறு, அதில் குழந்தை மரணங்களும் சேரும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உங்கள் ஆசிரியை இந்தக் கட்டுரையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.